சிஓபிடி உள்ளவர்களுக்கு ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும்: எதை, எப்போது, எந்த வரிசையில்

2025 ஆகஸ்டில் ஒரு மகன் தன் அம்மாவை என் கிளினிக்குக்கு அழைத்து வந்தார். அம்மாவுக்கு 71 வயது. பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை, ஆனால் நாற்பது வருடம் விறகடுப்பில் சமைத்தவர். ஸ்பைரோமெட்ரி ஊதிப் பார்த்து சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று உறுதியாகி ஆறு வருடம் ஆகிறது. என்னிடம் வருவதற்கு முந்தைய ஒரே வருடத்தில் இரண்டு தடவை மூச்சுத்திணறல் கூடி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

"டாக்டர், அம்மாவுக்கு நிமோனியா ஊசி மூணு வருஷத்துக்கு முன்னாடியே போட்டாச்சு. அப்புறமும் ஏன் இப்படி வருது?" என்று கேட்டார் மகன்.

"எந்த ஊசி போட்டாங்கன்னு தெரியுமா?"

"நிமோனியா ஊசின்னு சொன்னாங்க. விலை கூட ஞாபகமிருக்கு. பேர் தெரியலை."

இந்த உரையாடல் மாதத்துக்கு நாலைந்து முறை என் மேசையில் நடக்கிறது. ஊசி போட்டிருப்பார்கள், எந்த ஊசி என்று தெரியாது. அல்லது சரியான ஊசியைப் பொருந்தாத மாதத்தில் போட்டிருப்பார்கள். இந்த அம்மாவுக்கு நாங்கள் செய்ததையே உதாரணமாக வைத்து, வீட்டில் இருப்பவர்கள் எந்த வரிசையில் என்ன செய்யவேண்டும் என்று எழுதுகிறேன். 60, 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். சிஓபிடி, மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்துபோகும் பிராங்கியெக்டாசிஸ், ஆஸ்துமா, பழைய டிபியால் நுரையீரலில் தழும்பு விழுந்தவர்கள் என்றால் அந்த வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டும் வேறு வேறு ஊசிகள்

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஃப்ளூ ஊசி இன்ஃப்ளூயன்சா வைரஸுக்கு எதிரானது. அந்த வைரஸ் வருடாவருடம் தன் மேற்புறத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், ஊசியில் எந்தெந்த வைரஸ் வகைகள் இருக்கவேண்டும் என்று புதிதாக அறிவிக்கிறது. இந்த ஊசியை ஒவ்வொரு வருடமும் போட்டே ஆகவேண்டும்.

நிமோனியா ஊசி என்று நாம் சொல்வது நிமோகாக்கஸ் என்ற ஒரே ஒரு பாக்டீரியாவுக்கு எதிரானது. நிமோனியாவுக்குப் பல கிருமிகள் காரணமாகலாம், அவற்றில் இது முக்கியமான ஒன்று. இந்த பாக்டீரியா தன்மேல் ஒரு சர்க்கரை உறை போர்த்திக்கொண்டிருக்கும். அந்த உறையில் நூறு வகைக்கு மேல் உண்டு. ஊசியின் பெயரோடு வரும் 13, 20, 23 என்ற எண், அத்தனை உறை வகைகளுக்கு எதிராக அது வேலை செய்யும் என்பதைக் குறிக்கிறது. இதை வருடாவருடம் போடக்கூடாது. பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒன்றோ இரண்டோ போதும்.

இரண்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. ஃப்ளூ வைரஸ் மூச்சுக்குழாயின் உள்தோலை அரித்துவிட்டுப் போகும். அங்கே ஏற்கெனவே தொண்டையில் குடியிருக்கும் நிமோகாக்கஸ் இறங்கிவிடும். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் தெளிவாக இருந்த பெரியவர், திரும்பக் குளிர் நடுங்கிக் காய்ச்சலும் பழுப்புச் சளியுமாக வருவார். இதனால்தான் இரண்டு ஊசிகளையும் சேர்த்தே யோசிக்கச் சொல்கிறோம்.

முதல் வேலை: பழைய ஊசியின் பெயரைக் கண்டுபிடிப்பது

அந்த மகனிடம் வீட்டுக்குப் போய்ப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில், எல்லாவற்றையும் தேடச் சொன்னேன். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் கவர் நிறையக் காகிதத்தோடு வந்தார்கள். நடுவில் கசங்கிய ஒரு பில் இருந்தது. அதில் நியூமோவாக்ஸ் 23 என்று இருந்தது. தேதி 2022 ஜூலை.

இந்த ஒரு பில்லை வைத்துத்தான் அடுத்த முடிவு முழுவதையும் எடுத்தோம். காரணம், நிமோனியா ஊசியில் இரண்டு குடும்பங்கள் உண்டு.

ஒன்று, அந்தச் சர்க்கரை உறையை மட்டும் எடுத்துச் செய்யும் பாலிசாக்கரைடு ஊசி. 23 வகைகளைக் கொண்ட பிபிஎஸ்வி 23 இந்தக் குடும்பம். வகைகள் அதிகம், ஆனால் வெறும் சர்க்கரையை நம் உடல் நீண்டகாலம் நினைவில் வைத்துக்கொள்ளாது. சில வருடங்களில் எதிர்ப்பு சக்தி இறங்கிவிடும். திரும்பத் திரும்பப் போட்டாலும் ஏறும் அளவு குறைந்துகொண்டே போகலாம். "அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை போட்டுக்கிட்டே இருக்கணும்" என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு.

இன்னொன்று, அதே சர்க்கரையை ஒரு புரதத்தோடு ஒட்டவைத்துச் செய்யும் கான்ஜுகேட் ஊசி. புரதம் கூட இருப்பதால் உடலின் நினைவு செல்கள் விழித்துக்கொள்கின்றன, பாதுகாப்பு ஆழமாகவும் நீண்டகாலத்துக்கும் நிற்கிறது. பிசிவி என்று தொடங்கும் ஊசிகள் எல்லாம் இந்தக் குடும்பம். ப்ரெவெனார் 13 என்று பில்லில் இருந்தால் அது பிசிவி 13. இப்போது பெரியவர்களுக்கான பிசிவி 20 இந்தியாவிலும் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. குழந்தைகளுக்கு அரசு இலவசமாகப் போடுவதும் கான்ஜுகேட் ஊசிதான், ஆனால் அது குழந்தைகளுக்கான தயாரிப்பு. பெரியவர்களுக்கு நாம்தான் காசு கொடுத்து வாங்கவேண்டியிருக்கிறது.

பில், சம்மரி எதுவுமே கிடைக்கவில்லை என்றால்? போடாதவர் என்றே வைத்துக்கொண்டு தொடங்கலாம். தெரியாமல் கூடுதலாக ஒன்று போட்டுவிட்டால் கை கொஞ்சம் அதிகமாக வலிக்கும், அவ்வளவுதான்.

வரிசை

இதுவரை நிமோனியா ஊசியே போடாதவருக்கு மிக எளிய வழி பிசிவி 20. ஒரே ஊசியோடு முடிந்தது. அது கிடைக்கவில்லை, அல்லது கையில் இருப்பது பிசிவி 13 அல்லது 15 என்றால் முதலில் அதைப் போட்டு, ஒரு வருடம் கழித்து பிபிஎஸ்வி 23 போடவேண்டும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், உறுப்பு மாற்று செய்தவர், மண்ணீரல் எடுத்தவர் போன்றவர்களுக்கு மட்டும் அந்த இடைவெளியை 8 வாரமாகக் குறைக்கலாம்.

கான்ஜுகேட் முதலில், பாலிசாக்கரைடு பிறகு. இந்த வரிசையை மாற்றினால் இரண்டாவது ஊசியின் பலன் மங்குகிறது. அந்த அம்மாவுக்கு நடந்தது அதுதான். 23-ஐ முதலில் போட்டுவிட்டார்கள். விலை குறைவு, எண் பெரிது, அதனால் பல இடங்களில் அதையே முதலில் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆனாலும் கதை கெட்டுவிடவில்லை. 23 போட்டு ஒரு வருடமாவது ஆகியிருந்தால் அப்புறம் பிசிவி 20 போடலாம். அவருக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆகவே பிசிவி 20 ஒன்று, அதோடு நிமோனியா ஊசிக் கணக்கு முடிகிறது.

பிசிவி 13 மட்டும் போட்டவர்களுக்கும் இதே கணக்கு: ஒரு வருடம் கழித்து பிசிவி 20, அல்லது பிபிஎஸ்வி 23. பிசிவி 13-ஐயும் போட்டு, 65 வயதுக்குப் பிறகு 23-ஐயும் போட்டவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை. கடைசி ஊசியிலிருந்து ஐந்து வருடம் கழித்து, பிசிவி 20 தேவையா என்று மருத்துவரோடு பேசிக்கொள்ளலாம்.

எந்த மாதம்

நிமோனியா ஊசிக்கு மாதம் பார்க்கவேண்டாம், என்று வந்தாலும் போடலாம். ஃப்ளூ ஊசிக்குத்தான் மாதம் முக்கியம், இதில்தான் நம் ஊரில் பெரிய தவறு நடக்கிறது.

ஊசி போட்டு எதிர்ப்பு சக்தி ஏற சுமார் இரண்டு வாரம் ஆகும். அப்புறம் சில மாதங்களில் அது மெல்ல இறங்கத் தொடங்கும், வயதானவர்களுக்கு இன்னும் சீக்கிரம். ஆக, ஃப்ளூ உச்சத்தில் இருக்கும் மாதங்களுக்குக் கொஞ்சம் முன்னால் போட்டால்தான் முழுப் பலன்.

இந்தியா முழுக்க ஃப்ளூ ஒரே மாதத்தில் உச்சம் தொடுவதில்லை. பல நகரங்களில் நடத்தி 2015-இல் வெளியான ஒரு கண்காணிப்பு ஆய்வில், டெல்லி, புனே, ஆலப்புழை போன்ற இடங்களில் ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மழைக்காலத்தில் ஃப்ளூ அதிகமாக இருந்தது. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர். நம் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்தே அது வருகிறது.

ஆகவே தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு நான் சொல்லும் காலம் ஆகஸ்ட் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் முடிய. தென்மேற்குப் பருவமழை பெய்யும் பகுதியில், கேரளாவை ஒட்டியோ மும்பையிலோ இருப்பவர்களுக்கு ஏப்ரல், மே பொருந்தும். டெல்லியில் மகன் வீட்டுக்கும் மதுரையில் சொந்த வீட்டுக்குமாக மாறி மாறி இருக்கும் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்து, மழைக்காலத்தில் எங்கே இருக்கப்போகிறோம் என்பதை வைத்து முடிவு செய்யலாம்.

செப்டம்பர் தவறிவிட்டதா? அக்டோபரிலும் போடுங்கள், நவம்பரிலும் போடுங்கள். உச்சம் ஒவ்வொரு வருடமும் முன்னே பின்னே நகரும். சரியான மாதம் என்று காத்திருந்து போடாமலே விட்டவர்களைத்தான் நான் டிசம்பரில் வார்டில் பார்க்கிறேன்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சரிபாருங்கள். பெட்டியை வாங்கிப் பார்த்தால் எந்த வருடத்தின் வகைகள் என்று அச்சிட்டிருக்கும், வட அரைக்கோளமா தென் அரைக்கோளமா என்பதும் இருக்கும். வட அரைக்கோள ஊசியில் இரண்டு வருடங்கள் சேர்ந்து வரும், தென் அரைக்கோள ஊசியில் ஒரே வருடம் இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் போய் நின்றால் அந்த வருடத்தில் தொடங்கும் வட அரைக்கோள ஊசி வந்துவிட்டதா என்று கேளுங்கள். போன வருடத்து மிச்சம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூன்று வகை, நான்கு வகை என்று இரண்டும் கடையில் இருக்கலாம். நான்காவதாகச் சேர்த்திருந்த பி யமகட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை, அதனால் மூன்று வகை ஊசியில் குறை எதுவும் இல்லை. மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வகை மட்டும் வேண்டாம். அது உயிருள்ள வைரஸ், வயதானவர்களுக்கும் நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் ஆனதல்ல.

போடும் நாள்

அந்த அம்மா ஆகஸ்ட் மாத மூச்சுத்திணறலுக்கு ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு முடித்திருந்தார். மகன், "ஸ்டீராய்டு சாப்பிட்டா ஊசி வேலை செய்யாதுன்னு சொல்றாங்களே?" என்று கேட்டார். ஐந்து நாள், ஏழு நாள் கோர்ஸ் ஒரு தடையே இல்லை. இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டும் தடையில்லை. தினம் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசலோன் இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பிடுபவர்களுக்குத்தான் பலன் குறையும். அவர்களுக்கும் ஃப்ளூ ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. நிமோனியா ஊசியை மட்டும் மாத்திரை அளவு குறைந்த பிறகு போடலாம்.

லேசான சளி, இருமல் இருந்தால் போடலாம். நல்ல காய்ச்சல் அடிக்கும்போது மட்டும் தள்ளிவைக்கிறோம், ஊசியால் ஆபத்து என்பதற்காக அல்ல, பிறகு வரும் காய்ச்சல் எதனால் என்று பிரித்தறிய முடியாது என்பதற்காக. முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளலாம். முன்பு இதே ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் போடக்கூடாது. ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கை கால் செயலிழக்கும் குய்லன் பாரே நோய் வந்த வரலாறு இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மெல்லிய ஊசியால் போட்டு, இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். தேய்க்கக் கூடாது.

செப்டம்பர் முதல் வாரத்தில் இரண்டையும் ஒரே நாளில் போட்டோம். இடது தோளில் ஃப்ளூ, வலது தோளில் பிசிவி 20, இரண்டும் 0.5 மில்லி. ஒரே நாளில் போடுவதால் கெடுதல் இல்லை, இன்னொரு தடவை பஸ் பிடித்து வரும் அலைச்சலும் மிச்சம். எந்தக் கையில் எது என்று குறித்துக்கொண்டால், பிறகு வீக்கம் வந்தால் எதனால் என்று தெரியும்.

ஊசி எங்கிருந்து வருகிறது என்பதிலும் கவனம் வேண்டும். இரண்டையும் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கவேண்டும், உறையவும் கூடாது. மருந்துக்கடையில் வாங்கி, கைப்பையில் போட்டு, ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்து, "இதைப் போட்டு விடுங்க" என்று நீட்டுகிறார்கள். இன்னும் சிலர் ஐஸ் கட்டிமேலேயே வைத்துக் கொண்டுவருகிறார்கள், அதுவும் கெடுதல். பிசிவி 20-இல் அலுமினியம் உப்பு இருக்கிறது, உறைந்தால் ஊசி வீணாகிவிடும். அதைப் போடுவதற்கு முன் நன்றாகக் குலுக்கினால் ஒரே சீரான வெள்ளைக் கலங்கலாக இருக்கவேண்டும். குலுக்கியும் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுவோம். எங்கே போடுகிறார்களோ அங்கேயே அவர்கள் குளிர்பெட்டியில் இருந்து எடுத்துப் போடச் சொல்வதுதான் நல்லது.

போட்ட பிறகு குறைந்தது 15 நிமிடம் உட்கார்ந்திருக்கவேண்டும். அன்றிரவும் மறுநாளும் கை வலிக்கும், உடம்பு அசதியாக இருக்கும், சிலருக்கு லேசான காய்ச்சல் வரும். பாரசிட்டமால் போதும். ஃப்ளூ ஊசியில் இருப்பது உயிரற்ற வைரஸின் துண்டுகள், அதனால் ஃப்ளூ வராது. இரண்டு நாள் தாண்டியும் காய்ச்சல் நின்றால் ஊசியின்மேல் பழி போட்டுவிட்டு வீட்டில் இருக்காதீர்கள், வேறு என்ன என்று பார்க்கவேண்டும்.

எவ்வளவு பலன்

இதில் நேர்மையாகப் பேசவேண்டும், இல்லாவிட்டால் முதல் சளியிலேயே நம்பிக்கை போய்விடும்.

பாங்காக்கில் சிஓபிடி நோயாளிகள் 125 பேரை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2004-இல் வெளியானது. நம்மைப் போன்ற வெப்பநாடு என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு அதிகம். ஃப்ளூவால் வரும் மூச்சுத் தொல்லை ஊசி போடாதவர்களில் வருடத்துக்கு நூறு பேருக்கு 28 முறை வந்தது. போட்டவர்களில் சுமார் 7 முறை. நாலில் மூன்று பங்கு குறைந்திருக்கிறது. ஆனால் எல்லாக் கிருமிகளாலும் வரும் சளி, இருமலைச் சேர்த்துக் கணக்கிட்டபோது இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஃப்ளூ ஊசி ஃப்ளூவைத்தான் தடுக்கும்.

இதயத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் பார்த்தபோது, ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்புக்கான ஆபத்து ஆறு மடங்கு கூடியிருந்தது. சிஓபிடி உள்ள பலருக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பும் சேர்ந்தே இருப்பதால் இதை நான் தவறாமல் சொல்கிறேன்.

நிமோனியா ஊசிக்கு நெதர்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 84,500 பேரிடம் பிசிவி 13-ஐச் சோதித்தார்கள். ஊசியில் இருக்கும் வகைகளால் வரும் நிமோனியா கிட்டத்தட்ட 46 சதவீதமும், அதே வகைகள் ரத்தத்தில் பரவும் கடுமையான நோய் 75 சதவீதமும் குறைந்தன. சிஓபிடி உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் பார்த்தபோது, 21 பேருக்கு நிமோகாக்கஸ் ஊசி போட்டால் ஒரு நிமோனியா தடுக்கப்படுகிறது, 8 பேருக்குப் போட்டால் ஒரு மூச்சுத்திணறல் அட்டாக் தடுக்கப்படுகிறது என்று கணக்கு வந்தது. நிமோனியா ஊசிக்கான பணத்தை எப்படியாவது புரட்டுங்கள் என்று குடும்பங்களிடம் நான் சொல்வதற்குக் காரணம் அந்த 8 என்ற எண்.

ஊசி போட்டபிறகும் உடம்பு சரியில்லை என்றால்

நவம்பர் நடுவில் மகன் போன் செய்தார். குரலில் கோபம் இருந்தது. "டாக்டர், ரெண்டு ஊசியும் போட்டோம். அம்மாவுக்குத் திரும்ப சளி."

கேட்டு விசாரித்தேன். மூக்கு ஒழுகுகிறது, தொண்டை கரகரப்பு, காய்ச்சல் இல்லை. சளி வெள்ளையாகத்தான் இருக்கிறது. ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் கருவியில் 93, அது அவருடைய வழக்கமான அளவு. பேரனுக்கு இரண்டு நாள் முன்னால் இதே சளி. சாதாரண ஜலதோஷ வைரஸாக இருக்கவேண்டும். இன்ஹேலரை விடாமல் எடுக்கச் சொல்லி, எதெது மாறினால் உடனே வரவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்: சளி பச்சையாகவோ பழுப்பாகவோ மாறி அளவும் கூடுவது, பேச்சை முடிக்கமுடியாமல் மூச்சு வாங்குவது, காய்ச்சலோடு நடுக்கம், கருவியில் வழக்கத்தைவிட இறங்குவது, பெரியவர் குழம்பிப் பேசுவது அல்லது தூங்கி வழிவது. காய்ச்சலும் உடம்புவலியும் சேர்ந்து திடீரென்று வந்தால் ஊசி போட்டிருந்தாலும் ஃப்ளூவாக இருக்கலாம். ஓசெல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன், அதனால் கஷாயம் குடித்துப் பார்த்துக்கொண்டு மூன்று நாளைக் கடத்தக்கூடாது. இருமல் இரண்டு வாரம் தாண்டி, எடையும் குறைந்தால் சளியை டிபிக்குச் சோதிக்கவேண்டும். அதற்கு இந்த இரண்டு ஊசிகளும் எந்தப் பாதுகாப்பும் தராது.

அந்த அம்மா ஒன்பது நாளில் வீட்டிலேயே தேறினார். ஊசியால்தான் என்று ஒருவரை வைத்து நான் சொல்லமாட்டேன். அந்தக் குளிர்காலத்தில் அவர் ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை, அதுவரை எனக்குத் தெரியும்.

அவருடைய இன்ஹேலர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மகன் எழுதி, ஊசிப் பெட்டிகளின் படத்தையும் போனில் எடுத்து வைத்திருக்கிறார். அதில் இருப்பது இவ்வளவுதான்: 2022 ஜூலை, பிபிஎஸ்வி 23. 2025 செப்டம்பர், பிசிவி 20, வலது கை, பேட்ச் எண், இனி தேவையில்லை. 2025 செப்டம்பர், ஃப்ளூ, இடது கை, பேட்ச் எண். அடுத்தது 2026 செப்டம்பர், புது வருடப் பெட்டி.